மேல் கட்டையை இழுத்தால் எப்போது நழுவும்? விடை 6-ஆ, 9-ஆ?

குடியாத்தம்_பதினொன்று

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், இயக்க விதிகள் பாடம் ஓடுகிறது. டியூஷனில் கொடுத்த கணக்கு இது. வழுவழுப்பான தரையில் 4 கிலோ கட்டை ஒன்று இருக்கிறது. அதன் மேல் 2 கிலோ கட்டை. இரண்டுக்கும் நடுவில் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.3. மேல் கட்டையைக் கயிறு கட்டிக் கிடைமட்டமாக இழுக்கிறோம். மேல் கட்டை நழுவாமல் இரண்டும் சேர்ந்தே போக வேண்டுமென்றால் அதிகபட்சம் எவ்வளவு விசையில் இழுக்கலாம்? g-க்கு 10 போட்டுக்கொள்ளலாம்.

நான் போட்டது: மேல் கட்டையின் எடை 20 நியூட்டன், அதை 0.3-ஆல் பெருக்கினால் 6. அதற்கு மேல் இழுத்தால் நழுவ வேண்டும். விடையில் 9 என்று இருக்கிறது. கேட்டால் "பார்முலாவைப் போடு, வரும்" என்கிறார்கள். பார்முலா போட்டால் 9 வருகிறது, சரி. ஆனால் உராய்வு 6-க்கு மேல் தாங்காது என்றால் 7, 8 நியூட்டனில் இழுக்கும்போது எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது?

ஆற்காடு_மெக்

விடை தப்பாக அச்சாகியிருக்கும். 6 தான். உராய்வின் உச்ச வரம்பு μN, இங்கே N என்பது 20. இழுவிசை வரம்பைத் தாண்டினால் நழுவும், அவ்வளவுதான் விஷயம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல், இதே மாதிரி நிறையப் போட்டிருக்கிறோம். தரை வழுவழுப்பு என்று சொல்லியிருப்பது சும்மா குழப்புவதற்கு.

வேலப்பாடி_வாத்தியார்

தம்பி, அந்தத் தரைதான் இந்தக் கணக்கின் உயிர். அதைக் குழப்பம் என்று ஒதுக்கிவிட்டால் 6-ல்தான் போய் நிற்போம்.

குடியாத்தத்துப் பிள்ளை கேட்ட கேள்வி சரியான கேள்வி. பார்முலாவை மறந்துவிட்டு, சரியாக 6 நியூட்டனில் இழுப்பதாக வைத்துக்கொள் அம்மா. உன் கணக்குப்படி அந்த நேரத்தில் உராய்வும் 6. அப்படியானால் மேல் கட்டை மீது முன்னால் 6, பின்னால் 6. மொத்த விசை பூஜ்யம், எனவே அது நிற்கிறது. இப்போது கீழே பார். கீழ்க் கட்டை மேல் கட்டையைப் பின்னால் பிடித்து இழுக்கிறது என்றால், மேல் கட்டை அதே 6 நியூட்டனால் கீழ்க் கட்டையை முன்னால் இழுக்கிறது. தரை வழுவழுப்பு, கீழ்க் கட்டையைத் தடுக்க வேறு எதுவும் கிடையாது. 4 கிலோவுக்கு 6 நியூட்டன் கிடைத்தால் முடுக்கம் 1.5.

ஆக, நாம் இழுக்கிற கட்டை நிற்கிறது, இழுக்காத கட்டை முன்னால் ஓடுகிறது! இப்படி எங்கேயாவது நடக்குமா? நடக்காது. அதனால் 6 நியூட்டனில் இழுக்கும்போது உராய்வு 6 ஆக இருக்கவே முடியாது.

எவ்வளவு இருக்கும்? இரண்டும் சேர்ந்து போனால் மொத்தம் 6 கிலோ, இழுவிசை 6, முடுக்கம் 1. கீழ்க் கட்டை 1 முடுக்கத்தில் போக அதற்கு 4 நியூட்டன் வேண்டும். அதை உராய்வுதான் கொடுத்தாக வேண்டும், வேறு ஆள் இல்லை. ஆக உராய்வு 4. வரம்பு 6, செலவாவது 4, இன்னும் 2 மிச்சம் இருக்கிறது. நழுவ வேண்டிய காரணமே இல்லை.

குடியாத்தம்_பதினொன்று

சார், அப்படியானால் மேல் கட்டைக்கு 6 இழுவை, 4 உராய்வு, மிச்சம் 2 நியூட்டன். 2 கிலோவுக்கு 2 நியூட்டன், முடுக்கம் 1. சரியாக இருக்கிறது!

அப்படியே மேலே ஏற்றிப் பார்த்தேன். உராய்வு முழுசாக 6 ஆகும்போது கீழ்க் கட்டையின் முடுக்கம் 1.5. மேல் கட்டையும் அதே 1.5-ல் போக அதற்குத் தனியாக 3 நியூட்டன். 6 + 3 = 9. அந்தக் கூடுதல் 3 என்பது மேல் கட்டையை முடுக்கவே செலவாகிறது, உராய்வுக்குப் போவதே இல்லை. இதுதானா?

வேலப்பாடி_வாத்தியார்

இதேதான். நீ சொன்னதை எழுத்தில் போட்டால் அந்தப் பார்முலா வந்துவிடும். மேலே இருப்பது m, கீழே இருப்பது M.

```
a = μ m g / M
F = μ m g + m a = μ m g (m + M) / M
```

முதல் வரிதான் முக்கியம். இந்த ஜோடி எவ்வளவு வேகமாக முடுக்கம் எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது கீழ்க் கட்டை. அதற்குக் கிடைக்கும் ஒரே உந்துதல் உராய்வு. அதன் உச்சம் தெரிந்தால் முடுக்கத்தின் உச்சம் தெரியும், பிறகு மேல் கட்டைக்குப் போக வேண்டும். எந்தக் கணக்கிலும் நான் முதலில் கேட்பது, "உராய்வை மட்டுமே நம்பி நகரும் கட்டை எது?" என்பதுதான். அங்கிருந்து தொடங்கினால் தவறாது.

ஆற்காடு_மெக்

சார், ஒத்துக்கொள்ள மனசில்லை. என் பழைய நோட்டில் இதே 2, 4, 0.3 கணக்கு இருக்கிறது. விடை 18 என்று போட்டிருக்கிறது. μ(m+M)g. இப்போது 6, 9, 18 என்று மூன்று விடை ஆகிறது.

தோட்டப்பாளையம்_கேரம்

நாளைக்கு 36-ம் வரும் பாருங்க.

வேலப்பாடி_வாத்தியார்

மூன்றும் சரியான விடைகளே. கேள்விதான் வேறு வேறு.

உங்கள் நோட்டில் கீழ்க் கட்டையை இழுத்திருப்பார்கள், படத்தைப் பாருங்கள். அங்கே உராய்வை நம்பி நகர்வது மேல் கட்டை. அதற்குக் கிடைக்கும் உச்சம் 6 நியூட்டன், அதன் நிறை 2 கிலோ, ஆக முடுக்கம் 3 வரை போகலாம். மொத்த 6 கிலோவை 3 முடுக்கத்தில் இழுக்க 18 நியூட்டன்.

மேலே இழுத்தால் 9, கீழே இழுத்தால் 18. உராய்வு இரண்டிலும் அதே 6 தான். அந்த 6 நியூட்டன் 4 கிலோவை நகர்த்த வேண்டுமா, 2 கிலோவை நகர்த்த வேண்டுமா என்பதுதான் வித்தியாசம். இலேசான கட்டையை உராய்வு சுமந்து போவது எளிது, கனமானதைச் சுமப்பது கடினம். கீழே 2, மேலே 4 என்று மாற்றி அடுக்கினால் எது பெரிய விடை என்பதும் தலைகீழாகும், போட்டுப் பாருங்கள்.

6 எப்போது சரி? கீழ்க் கட்டையை ஆணியடித்து வைத்தால். அல்லது அது மிகப் பெரிய கனம் என்றால். பார்முலாவில் M-ஐ ஏற்றிக்கொண்டே போனால் (m+M)/M ஒன்றை நெருங்கும், F என்பது μmg-க்கே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் போனால் வேடிக்கை. கீழே அரை கிலோ பலகைதான் என்றால் விடை 30 நியூட்டன். கீழே இருப்பது அத்தனை இலேசு என்பதால் மேல் கட்டை எங்கே போனாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

சிப்காட்_லாரி

வணக்கம் வாத்தியாரே. படிப்பு எனக்குக் கம்மி, லாரி ஓட்டுகிறவன். இராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து பெங்களூர் ரோட்டில் லோடு அடிக்கிறேன். நீங்கள் பேசுவது எங்கள் கதை மாதிரியே இருக்கு, அதனால் கேட்கிறேன். பலகைத் தளத்தில் இரும்பு மிஷின் ஏற்றினோம், 3 டன் இருக்கும். கனமாச்சே, அது எங்கே நகரப் போகுதுன்னு ஏற்றினவங்க சொன்னாங்க. ஆம்பூர் தாண்டி ஒரு மாடு குறுக்கே வர, பிரேக் அடிச்சேன். மிஷின் கேபின் வரைக்கும் வந்து இடிச்சுது. பக்கத்தில் இருந்த சின்ன டப்பா கோணி மேல் இருந்தது, அது அசையவே இல்லை. வண்டியை எடுக்கும்போது லோடு பின்னால் நகர்ந்து நான் பார்த்ததில்லை. பிரேக்கில்தான் நகருது. எடை கூடினால் பிடிப்பும் கூடுமே, அப்புறம் ஏன்?

ஆற்காடு_மெக்

அண்ணா, நீங்கள் கேட்பது வேறு, இந்தக் கணக்கில் பிரேக்கே இல்லை.

வேலப்பாடி_வாத்தியார்

வேறில்லை தம்பி, அந்த 18 நியூட்டன் கணக்குதான் இது. லாரி கீழ்க் கட்டை, மிஷின் மேல் கட்டை, விசை கீழே. மிஷினை நிறுத்துவதற்குப் பலகையின் உராய்வைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அண்ணே, எடை கூடினால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. 1 டன் மிஷினுக்கு ஒரு பங்கு பிடிப்பு, ஒரு பங்கு வேலை. 3 டன்னுக்கு மூன்று பங்கு பிடிப்பு, மூன்று பங்கு வேலை. வகுத்தால் அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது μg மட்டும். பலகைக்கும் இரும்புக்கும் 0.3 என்று வைத்தால், லாரியின் வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு 3 மீட்டருக்கு மேல் குறையக் கூடாது, மிஷின் 100 கிலோவானாலும் சரி, 10 டன்னானாலும் சரி.

54 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 15 மீட்டர். அந்த வரம்புக்குள் நிற்க 5 நொடி ஆகும், அதற்குள் வண்டி 37.5 மீட்டர் ஓடியிருக்கும். மாடு அதைவிடக் கிட்டே வந்தால் நீங்கள் அதிகமாக அழுத்தத்தான் செய்வீர்கள், காய்ந்த ரோட்டில் லாரியும் அதைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். மிஷின் நிற்காது. லாரி அளவுக்கு வேகம் குறையாமல் பலகை மேல் சறுக்கி முன்னால் வரும்.

வண்டியை எடுக்கும்போதும் வரம்பு அதே 3 தான். ஆனால் லோடு ஏற்றின லாரி 5 நொடியில் 54 வேகம் பிடிக்குமா? இன்ஜினால் அந்த வரம்பைத் தொட முடியாது, பிரேக்கால் முடியும். அதனால்தான் நீங்கள் பின்னால் நகர்ந்து பார்த்ததில்லை. டப்பா தப்பித்ததற்குக் காரணம் அது சின்னது என்பதல்ல, அடியில் இருந்த கோணி.

சிப்காட்_லாரி

சரியா சொன்னீங்க. அந்த நாளுக்கு அப்புறம் ரப்பர் மேட் போடாமல் இரும்பு ஏற்றுவதில்லை. அதோடு மேலே பெல்ட் போட்டு இறுக்கவும் செய்கிறோம். பெல்ட்டும் முன்பின் கட்டுவதில்லை, குறுக்கேதான் போடுகிறோம். அதுவும் நிறுத்துது. அது எப்படி?

வேலப்பாடி_வாத்தியார்

குறுக்கே போட்ட பெல்ட் மிஷினைக் கீழே அழுத்துகிறது. இரண்டு பக்கமும் நேராகக் கீழே இறங்கினால், பெல்ட்டின் இழுவிசையைப் போல இரண்டு மடங்கு கூடுதல் அழுத்தம் பலகை மேல் விழும். பிடிப்பு கூடுகிறது, நிறை கூடவில்லை. நான் சொன்ன அடிபட்டுப் போகிற கணக்கு இங்கே அடிபடாது. ஆனால் பாதி வழியில் பெல்ட் தளர்ந்தால் அந்தக் கூடுதல் அப்படியே போய்விடும், இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிப்காட்_லாரி

அது எங்களுக்கே தெரியும் வாத்தியாரே, பள்ளிகொண்டா டோல்கேட்டில் இறங்கி ஒரு தட்டு தட்டிப் பார்ப்போம். இன்னொன்று. மழையில் பலகை நனைந்தால் இரும்பு நல்லா உட்காருதுன்னு ஒரு கிளீனர் சொல்கிறான், வழுக்கும்னு நான் சொல்கிறேன்.

தோட்டப்பாளையம்_கேரம்

நனைந்த மரம் பிடிக்கும் அண்ணா, எங்கள் வீட்டு ஜன்னலே சாட்சி.

சிப்காட்_லாரி

ஜன்னல் மரம் ஊதிப் போய் இறுகுது தம்பி, அது வேற. எங்கள் பலகையில் எண்ணெய், டீசல், எல்லாம் ஊறியிருக்கு. அதன் மேல் தண்ணி பட்டால் நான் நம்ப மாட்டேன்.

குடியாத்தம்_பதினொன்று

மன்னிக்கவும், மறுபடி என் கணக்குக்கு வருகிறேன். சார் சொன்னது புரிந்தது, ஆனால் செய்து பார்த்தால் வரவில்லை! பள்ளியிலிருந்து சுருள்வில் தராசு வாங்கி வந்தேன். அப்பா இரண்டு மரக்கட்டை அறுத்துக் கொடுத்தார். இரண்டின் மேலும் மணல் பொட்டலம் வைத்து ஆளுக்கு ஒரு கிலோவாக ஆக்கினேன். முதலில் கீழ்க் கட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு மேல் கட்டையை இழுத்தேன், 4 நியூட்டனில் நழுவியது. ஆக குணகம் 0.4. இரண்டும் சம நிறை என்பதால் கீழ்க் கட்டையை விட்டுவிட்டு இழுத்தால் இரண்டு மடங்கு, 8 வர வேண்டும். ஆனால் விட்டுவிட்டு இழுத்தாலும் அதே 4-ல்தான் நழுவுகிறது. கீழ்க் கட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் டைல்ஸ் தரை, பார்க்க வழுவழுப்பாகத்தான் இருக்கிறது.

ஆற்காடு_மெக்

நான் சொன்ன விடைதானே வருகிறது.

வேலப்பாடி_வாத்தியார்

உங்கள் விடைதான் தம்பி, டைல்ஸுக்கு. கீழ்க் கட்டை அசையவே இல்லை என்று அந்தப் பிள்ளை கவனித்து எழுதியிருக்கிறாளே, அதில் எல்லாம் இருக்கிறது.

மேல் கட்டை கீழ்க் கட்டையை முன்னால் தள்ளக்கூடிய அதிகபட்சம் 4 நியூட்டன். தரையோ இரண்டு கட்டையின் சுமையையும், அதாவது 20 நியூட்டனையும் தாங்குகிறது. தரையின் குணகம் வெறும் 0.2 இருந்தாலே 20-ல் 4 ஆகிவிட்டது. மேலிருந்து வரும் முழுத் தள்ளலையும் தரையே விழுங்கிவிடும், கீழ்க் கட்டை ஆணியடித்தது போல நிற்கும். மரக்கட்டைக்கும் டைல்ஸுக்கும் 0.2-க்குக் கீழே எதிர்பார்க்க முடியாது. கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிவது வேறு, கணக்கில் உராய்வே இல்லை என்பது வேறு.

உன் டியூஷன் கணக்கில் இது இன்னும் கறார். அங்கே மேலிருந்து வருவது 6, தரை மீது சுமை 60. தரையின் குணகம் 0.1 ஆனாலே விடை 9-லிருந்து 6-க்கு இறங்கிவிடும். நடுவில் 0.05 என்று வைத்தால்? தரை 3 நியூட்டனைத் தின்னும், கீழ்க் கட்டைக்கு மிச்சம் 3, முடுக்கம் 0.75. மேல் கட்டைக்கு 6-ம் அதோடு 1.5-ம், மொத்தம் 7.5. கீழே இருப்பதற்கு இரண்டு சுமை, மேலே இருப்பதற்கு ஒரு சுமை என்பதால்தான் தரையின் சின்னச் சொரசொரப்பு கூட இவ்வளவு செய்கிறது.

தோட்டப்பாளையம்_கேரம்

அப்போ கேரம் போர்டில் பவுடர் போட்டுச் செய்யட்டும். எங்கள் கிளப்பில் போரிக் பவுடர் தூவினால் ஸ்ட்ரைக்கர் காற்றில் போவது போலப் போகும்.

வேலப்பாடி_வாத்தியார்

ஸ்ட்ரைக்கர் இலேசு, அடியும் பளபளப்பு. இரண்டு கிலோ மரக்கட்டையை வைத்து அழுத்தினால் பவுடர் அப்பிக்கொள்ளும் என்பது என் ஊகம், செய்து பார்க்கட்டும். நான் சக்கரத்தைத்தான் நம்புவேன். தட்டையான முதுகுள்ள பொம்மை லாரி இருந்தால் அதையே கீழ்க் கட்டையாக வைத்துக்கொள்ளலாம். சிப்காட் அண்ணனுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

குடியாத்தம்_பதினொன்று

தம்பியின் பொம்மை லாரி கிடைத்தது. முதுகில் ஒரு பலகை ஒட்டி, மணல் சேர்த்து லாரியை ஒரு கிலோ ஆக்கினேன். மேலே பழைய ஒரு கிலோ கட்டை. இப்போது இழுத்தால் இரண்டும் சேர்ந்து வருகிறது! ஆனால் 5, 6 நியூட்டன் என்று இழுத்தால் விர்ரென்று ஓடிவிடுகிறது, தராசின் முள்ளைப் படிக்கவே முடியவில்லை.

ஆற்காடு_மெக்

முடுக்கம் 3, 4 என்றால் ஒரு மீட்டர் ஓட ஒரு நொடி கூட ஆகாது, எப்படிப் படிப்பது? கையால் இழுக்க வேண்டாம். மேசை ஓரத்தில் கப்பி வைத்து, மேல் கட்டையில் நூல் கட்டி, மறுமுனையில் எடையைத் தொங்கவிடு. 800 கிராம் தொங்கவிட்டால் 8 நியூட்டன். அதுவரை ஏற்றிக்கொண்டே போ. இது எங்கள் லேபில் செய்வது.

வேலப்பாடி_வாத்தியார்

கப்பி நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள் அம்மா. ஆனால் 800 கிராம் 8 நியூட்டன் இழுக்காது. தொங்குகிற எடையும் கீழே முடுக்கத்தோடு இறங்குகிறது. இறங்கும் எடைக்குத் தன்னை முடுக்கவே கொஞ்சம் விசை வேண்டும், மிச்சம்தான் நூலுக்கு வரும். நூலில் 8 நியூட்டன் வேண்டுமானால் எவ்வளவு தொங்க வேண்டும் என்று பார்ப்போம். நழுவும் விளிம்பில் முடுக்கம் 4. தொங்கும் நிறை h என்றால்:

```
h(10 − 4) = 8
h = 1.33
```

1 கிலோ 330 கிராம். 800 கிராமில் நழுவவில்லையே என்று பயந்துவிடாதே.

குடியாத்தம்_பதினொன்று

செய்தேன் சார், குழப்பம்தான் கூடியது. லாரியை விரலால் பிடித்துக்கொண்டு எடையைத் தொங்கவிட்டு, பிறகு விரலை எடுப்பதாகத் திட்டம். ஆனால் 400 கிராம் தாண்டினதுமே, விரலை எடுக்கும் முன்னாலேயே மேல் கட்டை நழுவிப் போய்விடுகிறது.

வேலப்பாடி_வாத்தியார்

லாரியைப் பிடித்தால் அது ஆணியடித்த கட்டை. எதுவும் நகராதபோது நூலில் முழு எடையும் இருக்கும், 400 கிராமுக்கு 4 நியூட்டன். உன் பழைய 4 தான் திரும்பி வந்திருக்கிறது, குணகம் 0.4 என்பதற்கு இன்னொரு சாட்சி. பிடிப்பதென்றால் மேல் கட்டையைப் பிடி. அப்போது உராய்வுக்கு வேலையே இல்லை, முழு இழுவையும் உன் விரல் தாங்கும். விட்டதும் இரண்டும் சேர்ந்து கிளம்புகிறதா என்று பார். விரலைப் பக்கவாட்டில் தள்ளாமல் சட்டென்று எடு. செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தால், பலகையில் பென்சிலால் போட்ட கோடு விலகுகிறதா என்று தெரியும்.

ஆற்காடு_மெக்

நூல் நீளாத நூலாக இருக்கட்டும். பிடித்திருக்கும்போது நூலில் முழு எடை இருக்கிறது, விட்டதும் சட்டென்று குறைய வேண்டும். ரப்பர் மாதிரி நீளும் நூல் என்றால் அது குறையும் முன்னாலேயே ஒரு வெட்டு வெட்டி நழுவ வைத்துவிடும். மீன்பிடி நரம்பு வேண்டாம், அது கொஞ்சம் இழுபடும். பம்பரக் கயிறு போன்ற பருத்தி நூல் போதும்.

வேலப்பாடி_வாத்தியார்

இது நான் யோசிக்காதது. நல்ல கவனம் தம்பி.

குடியாத்தம்_பதினொன்று

இப்போது வந்தது! 1 கிலோ வரை தொங்கவிட்டால் கோடு விலகவில்லை, இரண்டும் சேர்ந்தே ஓடுகிறது. 1 கிலோ 100 கிராமில் மேல் கட்டை முன்னால் நழுவுகிறது, வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. 400 கிராம் கதை போய்விட்டது, ஆனால் சார் சொன்ன 1.33-ம் வரவில்லை. நடுவில் நிற்கிறது.

வேலப்பாடி_வாத்தியார்

சக்கரம் சும்மா உருளுவதில்லை, அதற்கும் ஒரு தடை உண்டு. ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இரண்டு கிலோவும் ஏற்றிய லாரியில் நூலை நேராக லாரியிலேயே கட்டு. ஒரு தட்டு தட்டிவிட்டால் வேகம் கூடாமல் குறையாமல் உருண்டுகொண்டே போக எவ்வளவு எடை தொங்க வேண்டும் என்று பார்.

குடியாத்தம்_பதினொன்று

சுமார் 80 கிராம் சார்.

வேலப்பாடி_வாத்தியார்

அப்படியானால் சக்கரத் தடை 0.8 நியூட்டன். மேலிருந்து வரும் 4-ல் 0.8 போனால் லாரிக்கு மிச்சம் 3.2, முடுக்கம் 3.2. மேல் கட்டைக்கு 4-ம் அதோடு 3.2-ம், நூலில் 7.2 வேண்டும். தொங்கும் எடை h(10 − 3.2) = 7.2, அதாவது 1 கிலோ 60 கிராம். நீ 1-க்கும் 1.1-க்கும் நடுவில் பிடித்திருக்கிறாய்.

ஆற்காடு_மெக்

சார், ஒரு கேள்வி பாக்கி. நழுவ ஆரம்பித்த பிறகு கீழ்க் கட்டை என்ன ஆகும்? அதிகமாக இழுக்கிறோம், அதுவும் அதிக வேகமாகத்தானே வர வேண்டும்?

வேலப்பாடி_வாத்தியார்

வராது. டியூஷன் கணக்கையே எடுங்கள். 9-ல் கீழ்க் கட்டையின் முடுக்கம் 1.5. நழுவியதும் இயக்க உராய்வு, அது ஓய்வுநிலையைவிடக் குறைவு. 0.25 என்று வைத்தால் 5 நியூட்டன். 10-ல் இழுத்தால் மேல் கட்டை 2.5 முடுக்கத்தில் ஓடும், கீழ்க் கட்டை 1.25-க்கு இறங்கிவிடும். 10-க்குப் பதில் 50-ல் இழுத்தாலும் கீழ்க் கட்டைக்கு அதே 1.25 தான்.

குடியாத்தம்_பதினொன்று

வீடியோவில் அதையும் பார்க்கிறேன். 1.1 கிலோவில் லாரி பின்தங்கிப் போவது போலத்தான் தெரிந்தது, அளக்கவில்லை. இன்னொன்று சார், கப்பி கொஞ்சம் உயரத்தில் இருந்ததால் நூல் லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. அது விடையை மாற்றுமா?

ஆற்காடு_மெக்

சாய்ந்தால் கிடைமட்டப் பங்கு குறையும், இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும். டியூஷன் கணக்கில் 30 பாகை சாய்வு என்றால் 9-ஐ cos 30-ஆல் வகுத்தால் 10.4.

குடியாத்தம்_பதினொன்று

எனக்கு 8.25 வருகிறது அண்ணா. மேல்நோக்கி இழுத்தால் மேல் கட்டை கீழே அழுத்துவதும் குறையுமே, வரம்பே 6-லிருந்து இறங்கிவிடுகிறது.

ஆற்காடு_மெக்

இரு, பேப்பரில் போட்டுவிட்டு வருகிறேன்.

சிப்காட்_லாரி

அந்தப் பொம்மை லாரிக்கு ஒரு பெல்ட் போட்டுப் பாரும்மா, எத்தனை கிலோ தாங்குதுன்னு சொல்லு.